பழைய கார் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு: கேட்கும் விலையில் தொடங்கி கையை விட்டுப் போகும் மொத்தப் பணம் வரை

பழைய கார் வாங்கக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைத்தான் மனதில் வைத்துப் பேரம் பேசுகிறார்கள்: விற்பவர் கேட்கும் விலை. பரிசோதனை, ரிப்பேர், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் என்று மீதி எல்லாம் வண்டி வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அப்போது கணக்குப் போட்டுப் பயனில்லை. இந்த நான்கையும் முன்கூட்டியே எண்ணாக மாற்றி, ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு நேர்மையாக ஒப்பிடுவது எப்படி என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

வரிசை இதில் மிக முக்கியம். செலவே இல்லாமல் வண்டியை வேண்டாம் என்று ஒதுக்க உதவும் சோதனைகள் முதலில் வர வேண்டும். காசு கேட்கும் சோதனைகள் கடைசியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஓட்டிப் பார்க்கிறார்கள், பிடித்துப் போகிறது, மெக்கானிக்குக் கட்டணம் கொடுக்கிறார்கள், அட்வான்ஸும் கொடுக்கிறார்கள். ஆவணத்தில் சிக்கல் இருப்பது கடைசியில் தெரிகிறது. அதற்குள் பின்வாங்க மனம் வருவதில்லை.

கீழே வரும் தொகைகளை எந்த நாணயத்திலும் சொல்லப் போவதில்லை. வண்டிக்குக் கேட்கும் விலையை 100 என்று வைத்து, மற்றதை அதன் பங்காகச் சொல்கிறேன். இந்தப் பங்குகள் முறையை விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் கணக்கில் உங்கள் கைக்கு வந்த எஸ்டிமேட்டைப் போடுங்கள்.

## 1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, நல்ல டார்ச், பழைய துணி ஒன்று, போன் கேமரா. முடிந்தால் வண்டியின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஒரு சிறிய ஓபிடி ஸ்கேனரும் பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டரும். இரண்டையும் இரவல் வாங்கினாலும் போதும்.

அதைவிட முக்கியம், உங்கள் மொத்தப் பட்ஜெட்டை முதலில் எழுதி வைப்பது. "வண்டிக்கு இவ்வளவு" என்று எழுதாதீர்கள். "வண்டி என் பெயரில் மாறி, இன்சூரன்ஸ் எடுத்து, உடனடி ரிப்பேர் முடிந்து, ஒரு வருடம் ஓடும் வரை இவ்வளவு" என்று எழுதுங்கள். இப்படி எழுதினால், அந்தப் பட்ஜெட்டில் நான்கில் ஒரு பங்கையாவது விலைக்கு வெளியே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது பழைய வண்டியில் சாதாரணம்.

## 2. ஒப்பிட ஒரு விலையைக் கண்டுபிடியுங்கள்

கேட்கும் விலை நியாயமா என்று தெரிய, அதே மாடல், அதே எரிபொருள், ஏறக்குறைய அதே வயது, அதே கிலோமீட்டர் உள்ள வண்டிகள் என்ன விலைக்குப் போகின்றன என்று பாருங்கள். ஏழெட்டு விளம்பரங்கள் போதும். மிக மலிவானதையும் மிக அதிகமானதையும் விட்டுவிடுங்கள். பல வாரமாக விற்காமல் கிடக்கும் விளம்பரத்தின் விலையையும் சேர்க்காதீர்கள். அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. எட்டு வருடம் ஓடிய வண்டியின் சந்தை விலையில், அந்த வயதுக்கு உரிய தேய்மானம் ஏற்கனவே கழிக்கப்பட்டிருக்கும். எல்லா வண்டியிலும் டயர் பாதி தேய்ந்துதான் இருக்கும். ஆகவே பாதி தேய்ந்த டயருக்காகப் புது டயர் விலை முழுவதையும் கழிக்கச் சொல்லி விற்பவரிடம் கேட்டால் அவர் சம்மதிக்க மாட்டார். அது நியாயமும் இல்லை. சராசரி வண்டியைவிட இந்த வண்டி எவ்வளவு மோசம் என்பதுதான் பேரத்துக்கான எண். உங்கள் பணப்பையிலிருந்து எவ்வளவு போகும் என்பது வேறு எண். இரண்டையும் குழப்புவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. நோட்டில் இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

## 3. ஆவணம்: வண்டியைப் பார்க்கும் முன்பே

விற்பவரிடம் பதிவு ஆவணத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். தர மறுத்தால் அடுத்த வண்டிக்குப் போய்விடலாம். நேரில் காட்டுகிறேன் என்று சொன்னால் சரி, ஆனால் போனதும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.

பார்க்க வேண்டியவை சில மட்டுமே. ஆவணத்தில் இருக்கும் பெயரும் உங்களிடம் பேசுபவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றா? வண்டி மீது வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா? கட்டாத வரியோ அபராதமோ தங்கியிருக்கிறதா? விபத்தில் முழு நஷ்டம் என்று இன்சூரன்ஸ் நிறுவனம் அறிவித்த வண்டியா?

கடன் பாக்கி பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். "நீங்கள் கொடுக்கும் பணத்தில் கடனை அடைத்துவிடுகிறேன்" என்று விற்பவர் நல்ல மனதோடுகூடச் சொல்லலாம். ஆனால் கடன் அடைந்ததற்கான கடிதம் வராமல் பெயர் மாறாது. நடுவில் அவர் கட்டாமல் விட்டால், வங்கியின் உரிமை வண்டியோடுதான் இருக்கும். உங்கள் பணத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. பணத்தை நேரடியாகக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே கட்டி, ரசீதையும் கடிதத்தையும் நீங்களே வாங்குவதுதான் பாதுகாப்பு.

நேரில் போனதும் சேசிஸ் எண்ணை ஒப்பிடுங்கள். பெரும்பாலும் இலக்கமும் எழுத்தும் கலந்து மொத்தம் 17 இடங்கள் உள்ள எண் அது. ஆவணத்தில் இருப்பதும், பாடியில் அச்சடித்திருப்பதும், தகட்டில் இருப்பதும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அச்சைச் சுற்றி உரசல், வெல்டிங், புதுப் பெயின்ட் இருந்தாலும் அப்படித்தான்.

## 4. பெயர் மாற்றமும் இன்சூரன்ஸும்: ஒரு மதிய நேரத்து வேலை

இந்த இரண்டு எண்களும் உட்கார்ந்த இடத்திலேயே கிடைக்கும். அதனால்தான் மெக்கானிக்கிடம் போகும் முன் இதை முடிக்கச் சொல்கிறேன்.

பெயர் மாற்றக் கட்டணம் சில இடங்களில் நிலையான தொகை. சில இடங்களில் வண்டியின் மதிப்பையோ வயதையோ இன்ஜின் அளவையோ பொறுத்து மாறும். கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். வண்டி வேறு பகுதியில் பதிவானதா, அப்படியென்றால் மறுபதிவோ கூடுதல் வரியோ வருமா, தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டுமா, நம்பர் பிளேட் மாற்ற வேண்டுமா என்றும் கேளுங்கள். மலிவாகத் தெரியும் வெளியூர் வண்டி பல சமயம் இந்த இடத்தில்தான் விலை ஏறுகிறது. டீலரிடம் வாங்கினால் "ஆவணக் கட்டணம்" என்று ஒரு வரி தனியாக வரும். அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இன்சூரன்ஸுக்குச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, உங்கள் வயது, முகவரி, ஓட்டிய அனுபவத்தோடு எஸ்டிமேட் கேளுங்கள். விற்பவர் கட்டிய பிரீமியத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விபத்துக் கோரிக்கை வைக்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி பெரும்பாலான இடங்களில் பாலிசி எடுத்தவருக்கு உரியது, வண்டிக்கு அல்ல. அவர் பத்து வருடம் சேர்த்த தள்ளுபடி உங்களுக்கு வராது. நீங்கள் புது ஓட்டுநர் என்றால் அதே வண்டிக்கு அவரைவிட வெகு அதிகம் கட்ட வேண்டி வரலாம்.

இன்னொன்றையும் கேளுங்கள்: வண்டி திருடு போனாலோ முழுக்க நசுங்கினாலோ எவ்வளவு கிடைக்கும்? பதில் பொதுவாக அன்றைய சந்தை மதிப்பை ஒட்டித்தான் இருக்கும். நீங்கள் புது கிளட்ச், புது டயர், புது டைமிங் பெல்ட் என்று கொட்டிய பணம் அதில் திரும்பி வராது. 100-க்கு வாங்கி ரிப்பேருக்கு 25 போட்ட வண்டிக்கு 125 கிடைக்காது. ரிப்பேர் அதிகம் தேவைப்படும் வண்டியை வாங்குவதில் இருக்கும், பலர் யோசிக்காத நஷ்டம் இது.

## 5. நீங்களே பார்ப்பது: இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும்

போகும் முன் போனில் ஒன்று சொல்லிவிடுங்கள்: "நான் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." போனதும் பானட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கடைக்குப் போய் வந்தேன் என்பது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் அன்று பார்த்தது கணக்கில் சேராது. ஆறிய பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

காரணம் எளிது. தேய்ந்த இன்ஜின் தன் நோயைக் காட்டுவது முதல் ஸ்டார்ட்டில்தான். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை சில நிமிடத்தில் மறைந்தால் அது வெறும் ஈரம். மறையாமல், இனிப்பான வாசனையோடு தொடர்ந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் உள்ளே போகிறது. அது பெரிய செலவு. செயின் சத்தமும் வால்வு சத்தமும் குளிரில்தான் தெளிவாகக் கேட்கும்.

ஸ்டார்ட் செய்யும் முன் எண்ணெய் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். மோர் மாதிரி வெளிர்ந்த படலம் இருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம். தினம் குட்டித் தூரம் மட்டும் ஓடும் வண்டியிலும் இலேசாக இது வரும். ஆகவே இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாமல், மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கூலன்ட் மூடியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறங்கள்.

டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. டயரின் பள்ளங்கள் இன்னும் ஆழமாக இருந்தாலும் ரப்பர் ஏழெட்டு வருடமானால் மாற்றுவது நல்லது. நான்கு டயரும் நான்கு கம்பெனியாக இருந்தால், உடைமையாளர் எங்கே மிச்சம் பிடித்தார் என்பது புரியும். டயரில் மிச்சம் பிடித்தவர் எண்ணெயிலும் மிச்சம் பிடித்திருப்பார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பெயின்ட் மீட்டர் இருந்தால் ஒவ்வொரு கதவிலும் மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு கதவு மட்டும் 250-க்கு மேல் காட்டினால் மறுபெயின்ட். 600, 800, 1000 என்று போனால் உள்ளே பட்டி பூசியிருக்கிறது, அதாவது அங்கே நசுங்கல் இருந்தது. ஒரு கதவு மறுபெயின்ட் ஆனது பெரிய விஷயமல்ல, கீறலுக்காகவும் செய்வார்கள். ஆனால் கதவைத் தாங்கும் தூணிலும், கூரையிலும், முன்பக்க இரும்புச் சட்டத்திலும் பட்டி இருந்தால் அந்த வண்டி பலமாக அடிபட்டது. அங்கே கணக்குப் போடத் தேவையில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறையும் வண்ணக் கோடும் இருக்கும். வெளியே தெரியும் பகுதியை மட்டும்தான் துடைத்திருப்பார்கள்.

கடைசியாக, சாவியை ஆன் செய்யும்போது ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் விளக்குகள் எரிய வேண்டும், இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கை யாரோ அணைத்து வைத்திருக்கலாம்.

## 6. மெக்கானிக் பரிசோதனை

இந்தக் கட்டம் வரை வண்டி தாங்கியிருந்தால் மட்டும் இங்கே காசு செலவழியுங்கள். மெக்கானிக்கை நீங்கள் தேர்ந்தெடுங்கள், விற்பவர் சொல்லும் கடை வேண்டாம். கட்டணத்தை முன்பே பேசி, என்னென்ன பார்ப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்காத பரிசோதனைக்குப் பாதிக் கட்டணம்கூடக் கொடுக்கத் தேவையில்லை. எண்ணெய்க் கசிவு, சஸ்பென்ஷன் புஷ், துரு, வெல்டிங் எல்லாம் அடியில்தான் தெரியும்.

பரிசோதிப்பவரே ரிப்பேரும் செய்வார் என்றால் பட்டியல் சற்று நீளும். அது மோசடி என்று சொல்ல வரவில்லை. வேலை கண்ணுக்குத் தெரியும்போது எழுதத்தான் தோன்றும். ஆகவே பெரிய ரிப்பேர் எதுவானாலும் இன்னொரு கடையில் எஸ்டிமேட் கேட்டு ஒப்பிடுங்கள்.

மூன்று விஷயங்களை மெக்கானிக்கிடம் பெயர் சொல்லியே கேளுங்கள்.

முதலாவது, டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் இருக்கிறதா? பெல்ட் உள்ள இன்ஜினில் அது அறுந்தால், பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே பிரிக்க வேண்டி வரும். மாற்ற வேண்டிய கிலோமீட்டரும் வருடமும் வண்டியின் கையேட்டில் இருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எழுதுங்கள். வாய் வார்த்தைக்குக் கணக்கில் இடமில்லை. மாற்றும்போது வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றுவது பல வண்டிகளில் வழக்கம். அதே இடத்தை இரண்டாவது முறை பிரிக்கும் கூலி மிச்சம்.

இரண்டாவது, கிளட்ச் வழுக்குகிறதா? மேல் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்க வேண்டும். இன்ஜின் இரைச்சல் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது. இதை நீங்களே செய்து பார்க்கலாம்.

மூன்றாவது, ஸ்கேனரில் என்ன வருகிறது? P0420 மாதிரி ஒரு குறியீடு வந்தால் அதன் பொருளைக் கேளுங்கள். அது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பதைச் சுட்டும். குறியீடே வராவிட்டாலும் திருப்திப்படாமல், வண்டியின் கணினி தானாகச் செய்யும் கண்காணிப்புச் சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல வரிகளில் Not Ready என்று இருந்தால் சமீபத்தில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படி வரும். அதனால் இது குற்றச்சாட்டு அல்ல. சில நாள் வண்டி ஓடிய பிறகு மறுபடியும் ஸ்கேன் செய்யக் கேட்பதற்கான காரணம்.

## 7. ரிப்பேர் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்

மெக்கானிக் கொடுத்த பட்டியலை அப்படியே கூட்டினால் எந்தப் பழைய வண்டியும் தேறாது. பயந்து நல்ல வண்டியை விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முதல் பிரிவு, உடனே செய்ய வேண்டியவை. பிரேக், டயர், ஸ்டீயரிங், டைமிங் பெல்ட், கூலன்ட் கசிவு. இவை இல்லாமல் வண்டியை ஓட்டக் கூடாது, அல்லது ஓட்டினால் செலவு பல மடங்காகும்.

இரண்டாவது, ஒரு வருடத்துக்குள் வரப்போகிறவை. பேட்டரி, வழுக்கத் தொடங்கிய கிளட்ச், தேய்ந்த புஷ். தேதி தெரியாது, ஆனால் வருவது உறுதி. முழுத் தொகையையும் எழுதுங்கள்.

மூன்றாவது, அழகு சார்ந்தவை. கீறல், மங்கிய ஹெட்லைட், கிழிந்த சீட் கவர். இவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சந்தை விலையில் இதெல்லாம் ஏற்கனவே இருக்கிறது.

இந்த மூன்றிலும் அடங்காதது ஒன்று உண்டு: என்ன கோளாறு என்று பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாதது. ஏசி சரியாகக் குளிரவில்லை என்றால் வெறும் கசிவாகவும் இருக்கலாம், கம்ப்ரஸராகவும் இருக்கலாம். இதற்கு மலிவான தொகையை எழுதினால் உங்களை நீங்களே ஏமாற்றுகிறீர்கள். அதிகமான தொகையை எழுதினால் விற்பவர் ஒத்துக்கொள்ள மாட்டார். மெக்கானிக்கிடம் எது எவ்வளவு சாத்தியம் என்று கேட்டு, நடுத்தொகையைக் கணக்கில் எழுதுங்கள். ஆனால் அதிகமான தொகை உங்கள் கையில் தயாராக இருக்கட்டும்.

## 8. இரண்டு வண்டி, ஒரு கணக்கு

ஒரே மாடலில் இரண்டு வண்டி என்று வைப்போம். முதல் வண்டி எட்டு வருடம், 94,000 கிலோமீட்டர், கேட்கும் விலை 100. சர்வீஸ் பில் பாதிதான் இருக்கிறது. இரண்டாவது வண்டியும் அதே வயது, ஆனால் எல்லா பில்லும் இருக்கிறது, பெல்ட் மாற்றியிருக்கிறது, டயர் வாங்கி இரண்டு வருடம். கேட்கும் விலை 115. பார்ப்பவர்கள் அனைவரும் முதல் வண்டியைத்தான் மலிவு என்பார்கள்.

முதல் வண்டியில் உடனடி வேலை: டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் 5, நான்கு டயர் 6, முன் பிரேக் 2, எண்ணெயும் ஃபில்டர்களும் 1.5, மொத்தம் 14.5. வருடத்துக்குள் கிளட்ச் 6, பேட்டரி 1.5; மொத்தம் 7.5. ஏசி, கசிவு என்றால் 1.5, கம்ப்ரஸர் என்றால் 8, இரண்டும் சம சாத்தியம். நடுவில் சுமார் 5.

| | முதல் வண்டி | இரண்டாம் வண்டி |
|---|---|---|
| கேட்கும் விலை | 100 | 115 |
| பரிசோதனை | 1.5 | 1.5 |
| உடனடி ரிப்பேர் | 14.5 | 2 |
| வருடத்துக்குள் | 7.5 | 1.5 |
| தெரியாதது (ஏசி) | 5 | 0 |
| பெயர் மாற்றம் | 2.5 | 3 |
| முதல் வருட இன்சூரன்ஸ் | 5 | 5.5 |
| மொத்தம் | 136 | 128.5 |

முதல் வருடத்தில் "மலிவான" வண்டிக்கு 7.5 அதிகம் போகிறது. கம்ப்ரஸர் போனால் 139 ஆகும். பட்ஜெட் 135 என்று எழுதி வைத்தவருக்கு முதல் வண்டி கேட்கும் விலையில் கட்டுப்படியாகாது.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் முதல் வண்டிக்கு அநியாயம் செய்கிறோம். அதில் புது டயரும் புது பிரேக்கும் இப்போது வந்துவிட்டன. இரண்டாம் வண்டிக்கு அவை பிறகு வரும். மூன்று வருடம் வைத்திருப்பதாகக் கொள்வோம். இரண்டாம் வண்டிக்கு டயர் 6, பிரேக் 2, இன்சூரன்ஸ் வித்தியாசம் இன்னும் இரண்டு வருடத்துக்கு 1. ஆக 137.5. இருவருக்கும் பொதுவான பெட்ரோல், வழக்கமான சர்வீஸ் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்று என்பதால் விட்டுவிடலாம்.

மூன்று வருடம் கழித்து விற்றால் முதல் வண்டி 58-க்கும், பில்லோடு இருக்கும் இரண்டாம் வண்டி 65-க்கும் போகும் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்போது முதல் வண்டியின் நிகரச் செலவு 136 கழித்தல் 58, அதாவது 78. இரண்டாம் வண்டிக்கு 137.5 கழித்தல் 65, அதாவது 72.5. வித்தியாசம் 5.5 ஆகச் சுருங்கிவிட்டது. முதல் வண்டி 94.5-க்குக் கிடைத்தால் இரண்டும் சமம்.

சமமாக இருந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். கண்ணுக்குத் தெரியாத கோளாறு எந்த வண்டியில் அதிகம் இருக்கும் என்பதை அந்தக் காணாமல் போன பில்கள் சொல்கின்றன. முதல் வண்டிக்காக நான் போகக்கூடிய எல்லை 92.

பெயர் மாற்றக் கட்டணமும் இன்சூரன்ஸும் இரண்டு வண்டிக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். எந்த வண்டி என்று தேர்ந்தெடுக்க அவை அதிகம் உதவாது. பட்ஜெட் தாங்குமா என்று பார்க்கத்தான் தேவை. ஒரு வண்டி வெளியூர்ப் பதிவாகவோ, பெரிய இன்ஜினாகவோ இருந்தால் மட்டும் நிலைமை மாறும்.

பரிசோதனைக்குக் கொடுத்த பணமும் அப்படித்தான். கொடுத்தாகிவிட்டது. "ஏற்கனவே 1.5 செலவழித்தாச்சே" என்று அந்த வண்டியை வாங்கக் கூடாது.

## 9. பேரம்

உங்கள் எல்லை 92 என்றால் விற்பவரிடம் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். எழுத்தில் இருக்கும் எஸ்டிமேட்டைக் காட்டுங்கள். அதில் சராசரி வண்டிக்கு இருக்காத மூன்றை மட்டும் பேசுங்கள்: பில் இல்லாத டைமிங் பெல்ட், வழுக்கும் கிளட்ச், குளிராத ஏசி. டயரையும் பேட்டரியையும் இழுத்தால் "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்பார், நியாயமான மூன்றும் அதோடு அடிபட்டுப் போகும்.

"நானே ரிப்பேர் பண்ணித் தர்றேன்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். விற்கப்போகும் வண்டிக்கு யாரும் நல்ல பாகம் போட மாட்டார்கள். விலையைக் குறைக்கச் சொல்லி, வேலையை உங்கள் கடையில் செய்துகொள்ளுங்கள்.

எல்லைக்கு மேல் ஒன்றிரண்டு பங்கு கேட்டால் கொடுக்கலாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் கணக்கை மறுபடியும் எழுதிவிட்டுக் கொடுங்கள். நின்ற இடத்தில், வண்டியின் அருகில் நின்றுகொண்டு முடிவெடுக்காதீர்கள்.

## 10. பணம் கொடுக்கும் நாள்

இன்சூரன்ஸ் உங்கள் பெயரில் தொடங்கும் நேரம் முதலில், சாவி அப்புறம். விற்பவரின் பாலிசி இன்னும் சில மாதம் இருக்கிறது என்பதை நம்பி வண்டியை எடுத்துவர வேண்டாம். பல இடங்களில் உரிமை மாறியதும் அந்தப் பாதுகாப்பு நின்றுவிடும், அல்லது குறுகிய கெடுவுக்குள் மாற்றியாக வேண்டும். வீட்டுக்கு வரும் வழியில் இடித்தால் யார் பணம் தருவார்கள் என்பதற்கு அந்தக் காகிதம்தான் பதில்.

பெயர் மாற்றப் படிவங்களில் விற்பவரின் கையெழுத்து, கடன் தீர்ந்த கடிதம், சர்வீஸ் பில்கள், இரண்டு சாவி. இரண்டாவது சாவி இல்லையென்றால் புதுச் சாவி செய்யும் செலவைக் கேட்டுக் கழியுங்கள். மின்னணுச் சாவி என்றால் அது சின்னத் தொகையல்ல. தேதி, நேரம், கிலோமீட்டர் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ரசீது ஒன்று. அந்த நேரத்துக்கு முன் வந்த அபராதம் அவருடையது, பின் வந்தது உங்களுடையது என்று பிரிக்க அது உதவும்.

வண்டி வந்த அடுத்த நாளே பிரேக்கும் பெல்ட்டும் கடைக்குப் போகட்டும். கிளட்ச்சுக்கும் ஏசிக்கும் ஒதுக்கிய பணத்தைத் தனியாக வையுங்கள், ரிப்பேர் வந்ததும் நோட்டில் எழுதிய தொகைக்குப் பக்கத்தில் உண்மைத் தொகையை எழுதுங்கள். மூன்று வருடம் கழித்து இந்த வண்டியை விற்கும்போது, அந்த நோட்டும் பில்களும் உங்கள் வண்டியை 58-லிருந்து 65-ஐ நோக்கித் தள்ளும்.